15 மாதம் பூசிய கிரீம், 8 மாதம் எரிந்த முகம்

2022 ஐப்பசியில் என் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. தை மாதம் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று எல்லாச் சொந்தத்தின் கண் முன்னால் நடக்கிற சீர். வீடியோவில் பொண்ணு மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக அதிகம் தெரியப்போகிற முகம் என்னுடையதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போய் வந்து, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருந்தது. காங்கயம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனால், அம்மா முதல் பார்வையிலேயே, "ஏங்கண்ணு, மொகமெல்லாம் இப்படிக் கருத்துப் போச்சு?" என்பார். அக்கறையாகத்தான் கேட்பார். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கும்போது கேட்டேன். கடைத் தம்பி யோசிக்கவே இல்லை. பின்னால் இருந்த ரேக்கிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். "இதப் போடுங்க்கா. ஒரே வாரத்துல தெரியும். எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க." 15 கிராம் டியூப், 120 ரூபாய். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விளம்பரத்தில் வருகிற கிரீம் மாதிரி இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. பத்தாவது நாள் கண்ணாடியில் வேறு ஒரு முகம் தெரிந்தது. மங்கு பாதி மறைந்து, முகம் முழுக்க ஒரே சீராக வெளுத்து, மேக்கப் போட்ட மாதிரி இருந்தது. ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள். கல்யாணத்தன்று பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "மணியாட்ட இருக்கற சாமி" என்று சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் கல்யாணம் முடிந்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. ராத்திரி மட்டும் போட்டுக்கொண்டிருந்ததை, காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் போட ஆரம்பித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு டியூப் என்று 15 மாதம் ஓடியது.

அந்த டியூபில் என்ன இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தெரியவந்தது கடைசியில், ஆனால் உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால் மூன்று பெயர்கள் தெரியும். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் ஃபுரோயேட் 0.1 சதவீதம். முதலாவது, தோலில் மெலனின் என்ற நிறமி உருவாகத் தேவையான நொதியைத் தடுக்கிறது. இரண்டாவது, மேல்தோலைச் சீக்கிரம் உரியவைத்துப் புதுத் தோலை வரவைக்கிறது. அதனாலேயே தோல் வெயிலைத் தாங்காது. இந்த இரண்டுமே எரிச்சல் உண்டாக்கும். அந்த எரிச்சலை அடக்கச் சேர்த்ததுதான் மூன்றாவது. அது ஒரு ஸ்டீராய்டு, முகத்துக்கு வலு அதிகமான ஸ்டீராய்டு. இந்த மாதிரி மூன்றையும் சேர்க்கிற கலவை 1975லேயே அமெரிக்காவில் தோல் மருத்துவர்கள் மங்குக்காக எழுதிய மருந்து. இன்றைக்கும் மங்குக்கு இது நல்ல மருந்துதான். மருத்துவர் பார்த்து, ராத்திரி மட்டும், சில வாரம், நீண்டுபோனால் எட்டு வாரம் என்று கொடுத்து நிறுத்துவார். நான் போட்டது அறுபத்தைந்து வாரம், அதுவும் பகலிலும்.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். நான்காம் மாதம் வாக்கில் மேல் உதட்டிலும் தாடையிலும் பூனை முடி அடர்த்தியாக வளர ஆரம்பித்தது. ஏழாம் மாதம் முப்பத்துமூன்று வயதில் எனக்குப் பரு வந்தது. எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, சிவந்து, கூட்டமாக வரும். பார்லரில் சூடு என்றார்கள். இரண்டு தடவை பேஷியல் செய்துகொண்டேன், தடவைக்கு 1,500. ஒவ்வொரு தடவையும் ஆவி பிடித்ததும் முகம் நெருப்பாகி, இரண்டு நாள் அடங்காது. வீட்டுக்கு வந்து அந்த கிரீமை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசுவேன். உடனே அடங்கிவிடும். இதுதான் இந்த மருந்தின் மோசமான வேலை. கெடுப்பதும் அதுவே, கெட்டதை மறைப்பதும் அதுவே. முகத்தைக் காப்பாற்றுவது அந்த டியூப்தான் என்று நான் மனதார நம்பினேன்.

வெயிலில் நின்றால் கன்னம் தக்காளி நிறத்துக்குப் போகும். இட்லிப் பானையைத் திறந்தால் வருகிற ஆவி பட்டாலே ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடுகள், கிளைவிட்ட வேர் மாதிரி. இத்தனையும் தனித்தனித் தொல்லை என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பருவுக்குச் சூடு, சிவப்புக்கு வெயில், முடிக்கு தைராய்டு. முகத்தில் ஒரு கிரீம் போடுகிறோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தாலே, வேறு எதையும் யோசிக்கும் முன்னால் டியூபைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டியூபை எடுத்துப்போக மறந்துவிட்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பட்டிப்பொங்கல். எல்லாரும் பட்டியில் பொங்கல் வைத்து மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்க, நான் உள்ளறையில் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணுக்குக் கீழே வீங்கி, கன்னம் சுடுதண்ணீர் கொட்டிய மாதிரி சிவந்து, தொட்டால் சூடு கையில் தெரிந்தது. அம்மா பயந்துபோய் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்தார். அதைப் பூசியதும் துடித்துவிட்டேன். மறுநாள் திருப்பூர் வந்ததும் வராததுமாக கிரீமைப் போட்டேன். இரண்டே நாளில் முகம் பழையபடி ஆகிவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. இதில்லாமல் என் முகத்தால் மூன்று நாள் இருக்க முடியவில்லையே என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

அந்தப் பயத்தில் இன்னும் இரண்டு தப்பு செய்தேன். பார்லர் அக்கா, "ஸ்டீராய்டு இல்லாத மூலிகை நைட் கிரீம்" என்று ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார், 1,650 ரூபாய். மேலே ஒரு பூப்படம், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது, உரிம எண் என்ன, எதுவுமே இல்லை. ஒரு வாரம் போட்டேன். அப்புறம் ஜனவரி கடைசியில் ஒரு வீம்பில் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட அலர்ஜி என்றுதான் சொன்னேன். வெளுப்பதற்காகப் போட்டு இப்படி ஆனது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பதினைந்து நாள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாலே எரியும். மஞ்சள் நீர் கோத்த பருக்கள் உடைந்து தலையணை உறையில் ஒட்டும். ஸ்கூட்டரில் துப்பட்டா கட்டினால் துணி உராய்வதே தாங்காது. லீவெல்லாம் தீர்ந்து, சம்பளப் பிடித்தத்தில் பதினொரு நாள் போனது. சின்னவள் ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் வராமல் கதவோடு நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டியூப் கொண்டு வந்திருக்கியாம்மா?" நல்ல வேளையாக, காலி டியூப் ஒன்று பையில் இருந்தது. அதைப் படித்துவிட்டு, வெளிச்சம் உள்ள லென்ஸை என் கன்னத்தில் வைத்து, கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து, பின்னிக் கிடந்தன. மேல்தோல் மெலிந்துபோய் அவை அப்படியே தெரிந்தன. இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்கிற பொருளில். இந்தியத் தோல் மருத்துவர்கள் வைத்த பெயராம். அந்த அளவுக்கு இங்கே சாதாரணமாகிவிட்டது.

"பத்து நாள்ல வெளுத்துச்சே, அது எப்படி டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஸ்டீராய்டு முதலில் செய்வது ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. ரத்த ஓட்டம் குறைந்தால் தோல் வெளிறும். ஒரு ஸ்டீராய்டு கிரீம் எவ்வளவு வலுவானது என்று ஆராய்ச்சியில் அளப்பதே, கையில் பூசி அந்த இடம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்துத்தானாம். ஆக, பெரியம்மா பார்த்து மகிழ்ந்த வெளுப்பில் பாதி ரத்தம் குறைந்த வெளுப்பு. மாதக்கணக்கில் சுருங்கியே இருந்த குழாய்கள், மருந்தை நிறுத்தினதும் முன்பைவிட அதிகமாக விரிந்துவிடும். அதுதான் அந்தச் சிவப்பும் எரிச்சலும். மருந்து போட்டால் திரும்பச் சுருங்கும், அடங்கிய மாதிரி இருக்கும். போதைக்கு அடிமையானவருக்கு நடப்பதேதான் தோலுக்கும் நடக்கிறது. இன்னும் சில வருடம் போட்டிருந்தால், ஹைட்ரோகுவினோனால் கன்னத்தில் நீலம் கலந்த கறுப்பு படிந்து, அதை எடுப்பது மிகக் கஷ்டமாகியிருக்கும் என்றார். வெளுக்கப் போட்டதே நிரந்தரமாகக் கறுக்க வைக்கும். கண்ணோரம் வரை பூசினாயா என்றும் கேட்டார். இமையில் ஸ்டீராய்டு நெடுநாள் பட்டால் கண் அழுத்தம் ஏறக்கூடும். நான் கீழ் இமைவரை பூசியிருந்ததால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார். நல்லவேளை, அழுத்தம் சரியாக இருந்தது.

வெள்ளை டப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஸ்டீராய்டைவிட அதுதான் அவருக்குக் கவலை. பெயரில்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். பாதரசமும் மெலனினைத் தடுக்கும். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023ல் கேரளத்தின் மலப்புறத்தில், சிறுநீரில் புரதம் போய், கால் வீங்கி வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலரும் இந்த மாதிரி வெளுப்பு கிரீம் போட்டிருந்தது தெரியவந்தது. இந்தியாவில் இந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தானாகக் கலந்தால்கூட, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்குச் சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தோடு நின்றதால் தப்பித்தேன். நீங்கள் அப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருந்து, சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் கண்ணும் சாயங்காலம் காலும் வீங்கினாலோ, சிறுநீரக மருத்துவரிடம் கிரீம் டப்பாவோடு போங்கள். 'கலோமெல்', 'மெர்குரி', 'மெர்குரஸ்' என்று எழுதியிருந்தாலோ, நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தாலோ, அது பாதரசத்துக்கான அடையாளம். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். துண்டு, தலையணை, கை வழியாக அதற்கும் போகும்.

வைத்தியம் எனக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இதைப் பார்த்து நீங்களாகச் செய்துகொள்வதற்காக இல்லை, எவ்வளவு நாள் பிடிக்கும் என்று தெரிவதற்காக. முதலில் முகத்தில் போடுகிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பேஷியல், ப்ளீச், ஸ்க்ரப், கடலைமாவு, மஞ்சள், எலுமிச்சை எதுவும் கூடாது. நுரையில்லாத ஒரு க்ளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன், இவ்வளவுதான். என் முகம் அப்போது இருந்த நிலைக்கு வலு மிகக் குறைந்த ஒரு ஸ்டீராய்டை இரண்டு வாரம் ராத்திரி மட்டும் கொடுத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, நிறுத்தினார். அதற்குப் பதிலாக டாக்ரோலிமஸ் களிம்பு. அது ஸ்டீராய்டு இல்லை. ஆனால் போட்ட முதல் வாரம் அதுவே எரியும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன், பிரிட்ஜில் வைத்துப் போட்டால் எரிச்சல் குறைந்தது. பருவுக்கு ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை.

நான் எதிர்பார்த்தது ஒரே சீராகக் குறைந்துகொண்டே வரும் என்று. அப்படி இல்லை. மார்ச்சில் பாதி சரியானது. ஏப்ரல் வெயிலில் திரும்ப வெடித்தது. அன்றைக்கு ராத்திரி பழைய டியூபைத் தேடி அலமாரியெல்லாம் கலைத்தேன். கிடைத்திருந்தால் போட்டிருப்பேன், அது உண்மை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒவ்வொரு தடவை வர்றப்பவும் முன்ன விட லேசா வரும், சீக்கிரம் அடங்கும். நாளை எழுதி வச்சுப் பாரும்மா" என்றார். எழுதினேன். முதல் வெடிப்பு பதினைந்து நாள் தாண்டியும் அடங்கவில்லை. ஏப்ரலில் எட்டு நாள். ஜூனில் மூன்று நாள். அந்த நோட்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எட்டு மாதம் ஆனது, அக்டோபரில்தான் இட்லிப் பானைக்கு முன்னால் பயமில்லாமல் நின்றேன்.

பணக் கணக்கு. டியூப் 21, 2,520 ரூபாய். பேஷியல் 3,000. வெள்ளை டப்பா 1,650. டாக்டரிடம் ஒன்பது தடவை, 4,500. மருந்தும் பரிசோதனையும் 9,800. மொத்தம் 21,470. சம்பளம் பிடித்த பதினொரு நாள் தனி. முதல் நாளே அதே டாக்டரிடம் 500 ரூபாய் கொடுத்து மங்கைக் காட்டியிருக்கலாம். அவர் அதே மருந்தைக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் எட்டு வாரத்துக்குள் நிறுத்தியிருப்பார்.

கடையில் எப்படிக் கொடுத்தார்கள் என்று பலர் கேட்கிறார்கள். 2018 மார்ச்சிலேயே மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது. நடைமுறையில் விற்கிறார்கள். அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டியூபில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், ஆர்.எக்ஸ். என்ற எழுத்து இருந்தால் அது அழகுசாதனம் இல்லை, மருந்து. உள்ளிருக்கும் பெயர்களில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. எழுத்து சின்னதாக இருந்தால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் என்னை மாதிரி வீம்பாக ஒரே நாளில் நிறுத்தாமல், போட்டுக்கொண்டிருக்கும்போதே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நிறுத்துகிற வழியை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடைசித் தடவை போனபோது, இனி என் நிறம் எவ்வளவு வரும் என்று கேட்டேன். டாக்டரம்மா என் மேல்கையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், வெயிலே படாத இடம். "இதுதாம்மா உன் நிறம். சன்ஸ்கிரீன் போட்டா மொகம் இது வரைக்கும் வரும். இதுக்கு மேல எந்தக் கிரீம் கொண்டு போறேன்னாலும், அது தோலைக் கெடுத்துத்தான் கொண்டு போகும்." கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற நியாசினமைடு கிரீம்களைப் பற்றியும் கேட்டேன். நிறமி மேல்தோலுக்கு வருவதை அது கொஞ்சம் குறைக்கும், மெதுவாக, லேசாகத்தான் தெரியும், கெடுதல் அதிகமில்லை என்றார்.

மங்கு லேசாக இருக்கிறது. மூக்கோரத்துச் சிவப்புக் கோடுகளில் இரண்டு போகவில்லை, லேசர் செய்தால்தான் போகுமாம். நான் செய்யவில்லை. காலி டியூப் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. போன மாதம் எங்கள் செக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண், அவளுக்கு வைகாசியில் கல்யாணம், என்னிடம் வந்து, "அக்கா, பத்து நாள்லயே நல்லா வெளுத்துட்டேன், பாருங்க" என்றாள். கன்னம் அதே மாதிரி சீராக வெளுத்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் டியூபையும் அவள் டியூபையும் பக்கத்தில் வைத்தோம். கம்பெனி வேறு, பெட்டி நிறம் வேறு, உள்ளே அதே மூன்று பெயர். ஆறு வாரமாகப் போடுகிறாளாம். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.